குவிலென்சு: பழைய தாள் கணக்கு ஒன்று

வினா: 15 செ.மீ குவியத் தொலைவுள்ள குவிலென்சுக்கு முன் 10 செ.மீ தொலைவில் 2 செ.மீ உயரப் பொருள். பிம்பத்தின் இடம், தன்மை, உயரம் காண்க. கதிர்ப்படம் வரைக.

விடை: கார்ட்டீசியன் குறியீட்டு மரபில், ஒளி செல்லும் திசையில் அளந்தால் +, எதிர்த்திசையில் −.

u = −10, f = +15
1/v − 1/u = 1/f
1/v = 1/15 − 1/10 = −1/30
v = −30 செ.மீ
m = v/u = +3; உயரம் 6 செ.மீ

v குறை எண். அதனால் பிம்பம் பொருளின் பக்கமே. நேரான, பெரிதான மாய பிம்பம்.

(u = +10 என்று போட்டால் v = 6 வரும். பொருள் குவியத்துக்குள் இருக்கையில் மறுபக்கம் மெய்பிம்பமா? அங்கேயே சந்தேகம் வரவேண்டும்.)

படம்: அச்சுக்கு இணையான கதிர் விலகி மறுபக்கக் குவியம் வழியே போகும், ஒளிமையக் கதிர் வளையாது. இரண்டும் விரிந்தே செல்லும். பின்னோக்கி நீட்டும் கோடுகள் 30 செ.மீ-இல் சந்திக்கும், அவையும் பிம்பமும் புள்ளிக்கோடு. முழுக்கோடாக இழுத்தால் மதிப்பெண் போகும். அம்புக்குறி மறவாதே.