நிராகரித்த மருத்துவக் கிளைமுக்குக் காரணம் கேட்டும் மறுஆய்வு கோரியும் கடிதம்

நாள்: 02.04.2025

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர்,
உடல்நலக் காப்பீட்டுக் கிளைம் பிரிவு.

பொருள்: பாலிசி எண் 4471/22/08316, கிளைம் எண் 25/02/11947. 18.03.2025 தேதியிட்ட நிராகரிப்பை மறுஆய்வு செய்யக் கோருதல்.

அய்யா / அம்மையீர்,

மேற்கண்ட பாலிசியில் காப்பீடு பெற்ற என் மனைவி, 03.02.2025 அன்று இரவு கடுமையான வலது அடிவயிற்று வலியோடும் வாந்தியோடும் அவசரப் பிரிவில் அனுமதிக்கப்பட்டார். ஸ்கேனில் குடல்வால் அழற்சி உறுதியானது. அன்றிரவே லேப்ராஸ்கோப்பி முறையில் அறுவை சிகிச்சை நடந்து, 06.02.2025 அன்று வீடு திரும்பினார். செலவைத் திரும்பக் கோரி அனுப்பிய கிளைமை "ஏற்கெனவே இருந்த நோயைத் தெரிவிக்கவில்லை" என்ற ஒற்றை வரியோடு நிராகரித்திருக்கிறீர்கள். எந்த நோய், பாலிசியின் எந்தப் பிரிவு, எந்த ஆவணம் என்று கடிதத்தில் எதுவும் இல்லை. தொலைபேசியில் கேட்டபோதுதான் "சர்க்கரை நோய், 5 ஆண்டுகளாக" என்ற பதில் கிடைத்தது.

என் மனைவிக்குச் சர்க்கரை நோய் இல்லை. அந்த வரி எங்கிருந்து வந்தது என்பதை மருத்துவமனைப் பதிவுகளே காட்டுகின்றன. அனுமதிக் குறிப்பில் "அப்பாவுக்குச் சர்க்கரை, 5 ஆண்டுகள்" என்று குடும்ப நோய் வரலாற்றின் கீழ் பணி மருத்துவர் எழுதியிருக்கிறார். டிஸ்சார்ஜ் சம்மரியைத் தட்டச்சு செய்தபோது அது நோயாளியின் சொந்த நோய் வரலாறாக இடம் மாறிவிட்டது. அறுவை சிகிச்சை நிபுணர் இதைத் திருத்தி, முத்திரையுடன் 24.03.2025 அன்று சான்று கொடுத்துள்ளார். சான்று கிளைமுக்குப் பிறகு வாங்கியதுதானே என்று நீங்கள் கேட்கலாம். அதனால் அதை மட்டும் நம்பி நான் எழுதவில்லை. கிளைம் போடும் முன்பே உருவான பதிவுகளைப் பாருங்கள்.

04.02.2025 அன்று எடுத்த ஹெச்பிஏ1சி 5.4 சதவீதம். இது கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனை, 6.5 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் சர்க்கரை நோய் என்பார்கள். மருந்தால் கட்டுக்குள் இருக்கும் நோயாளிக்கும் இந்த அளவு வரலாம் என்பது உண்மைதான். அப்படியென்றால் மருந்து எங்கே? மருந்து அட்டையில் நான்கு நாளும் ஆன்டிபயாடிக், வலி நிவாரணி, டிரிப், வாந்தி மருந்து ஆகியவை மட்டுமே உள்ளன. மெட்ஃபார்மின் இல்லை, இன்சுலின் இல்லை, வேளைக்கு வேளை சர்க்கரை பார்த்த அட்டவணையும் இல்லை. அறுவை சிகிச்சைக்கு வரும் சர்க்கரை நோயாளியை எந்த மருத்துவமனையும் இப்படி விடாது. அனுமதியின்போது பார்த்த சர்க்கரை 158 என்று இருப்பதை உங்கள் மருத்துவர் சுட்டலாம். கடும் தொற்றிலும் வலியிலும் சர்க்கரை தற்காலிகமாக ஏறுவது வழக்கம், மறுநாள் காலை வெறும் வயிற்றில் 94.

பாலிசி 12.06.2022 அன்று தொடங்கி இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. அதற்கு முந்தைய 11.11.2021 தேதியிட்ட முழு உடல் பரிசோதனை அறிக்கையையும் இணைத்துள்ளேன்: வெறும் வயிற்றுச் சர்க்கரை 91, ஹெச்பிஏ1சி 5.3. நீங்கள் சொல்லும் ஐந்தாண்டுக்குள் வரும் அறிக்கை இது. எனவே முன்மொழிவுப் படிவத்தில் "சர்க்கரை நோய் உண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று எழுதியது சரியான பதிலே.

ஒரு பேச்சுக்குச் சர்க்கரை நோய் இருந்ததென்று வைத்துக்கொண்டாலும், இந்தச் சிகிச்சைக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்பதை நீங்கள் விளக்க வேண்டும். குடல்வாலின் உட்குழாய் அடைபட்டுத் தொற்று ஏற்படுவதே இந்த அழற்சி. திசுப் பரிசோதனை அறிக்கையும் திடீர்ச் சீழ் அழற்சி என்றே சொல்கிறது.

ஆகவே நான் கேட்பவை:

1. நிராகரிப்புக்கு அடிப்படையான பாலிசிப் பிரிவின் எண்ணும் வாசகமும், நீங்கள் நம்பிய ஆவணங்களின் நகல்களும். விசாரணையாளர் அறிக்கையும் உங்கள் மருத்துவரின் கருத்தும் இருந்தால் அவையும் வேண்டும்.

2. முதல் முடிவில் பங்கேற்காத அதிகாரியும், அறுவை சிகிச்சை அறிந்த மருத்துவரும் கோப்பை மறுபடி பார்க்க வேண்டும்.

3. இறுதி பில்லின்படி தொகையை வழங்க வேண்டும். ஏதேனும் பிடித்தம் செய்தால் இனம்வாரியாகக் காரணம் தேவை.

4. உங்கள் பதிவேட்டிலிருந்து "சர்க்கரை நோய்" என்ற குறிப்பை நீக்கி, எழுத்தில் உறுதி தர வேண்டும். பணம் வந்து இந்தக் குறிப்பு மட்டும் தங்கிவிட்டால், அடுத்த புதுப்பித்தலில் பிரீமியம் கூடும், அடுத்த கிளைமும் இதே இடத்தில் நிற்கும். எனக்கு இது பணத்துக்குச் சற்றும் குறைந்ததல்ல.

மறுஆய்வு முடியும்வரை பாலிசியை ரத்து செய்யவோ நிபந்தனைகளை மாற்றவோ வேண்டாம். 30 நாட்களுக்குள் எழுத்துப்பூர்வ பதில் வராவிட்டாலும், காரணமில்லாமல் மீண்டும் மறுத்தாலும், இதே ஆவணங்களோடு காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் முறையிடுவேன். மருத்துவமனையின் மூலப் பதிவுகளை நீங்கள் நேரடியாகப் பார்க்க என் மனைவி கையொப்பமிட்ட ஒப்புதலும் இத்துடன் உள்ளது.

இப்படிக்கு,
பாலிசிதாரர்
(பாலிசி எண் 4471/22/08316)

இணைப்பு: நிராகரிப்புக் கடிதம், அனுமதிக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சம்மரி, மருத்துவரின் திருத்தச் சான்று, மருந்து அட்டை, ரத்தப் பரிசோதனை அறிக்கைகள் (2021, 2025), திசுப் பரிசோதனை அறிக்கை, முன்மொழிவுப் படிவம், இறுதி பில், நோயாளியின் ஒப்புதல். அனைத்தும் நகல்கள், மூலங்கள் என்னிடம் உள்ளன.