கொஞ்சம் பின்னால் போங்கள்

எட்டாம் வகுப்புப் புகைப்படத்தில் முனீஸ்வரி வலது முழங்காலை மடித்து நிற்கிறாள். ஒன்பதாம் வகுப்புப் படத்தில் கழுத்தைச் சாய்த்துத் தோழியின் தோளில் தலையை வைத்திருக்கிறாள். பார்ப்பவர்கள் பாசம் என்று நினைத்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பில் இரண்டு தோள்களும் முன்னால் வளைந்துவிட்டன. "பள்ளிக்கூடத்தில் கிழவியைச் சேர்த்திருக்கிறார்கள்" என்றாள் அம்மா. ஆனாலும் ஒரு படத்தையும் காசு கொடுத்து வாங்காமல் விட்டதில்லை.

ஐந்தடி பத்தங்குலம். வகுப்பில் அவள் பெயர் லைட் ஹவுஸ். பாம்பனில் நிஜமாகவே ஒன்று இருப்பதால் பட்டப்பெயருக்காக யாரும் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை.

பதினொன்றாம் வகுப்பில் ஒரு சனிக்கிழமை, அத்தை அவளைப் பாசி எடுக்கக் கூப்பிட்டாள். வழக்கமாக வள்ளத்தைப் பிடித்துக்கொள்ளும் பெண்ணுக்குக் காய்ச்சல். வாடைக் காலம், தென்கடல் பெரும்பாலும் அடங்கித்தான் கிடந்தது.

பெண்கள் விரல்களில் துணி சுற்றி, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையைக் கட்டிக்கொண்டு குதித்தார்கள். கடலடிப் பாறையில் ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியை மூச்சடக்கிப் பிய்க்க வேண்டும். துணி இல்லாவிட்டால் கல் விரலைக் கிழித்துவிடும். மற்றவர்களுக்கு அந்த இடத்தில் கால் எட்டவில்லை. முனீஸ்வரிக்கு மட்டும் எட்டியது, தண்ணீர் மார்புக்கு மேலே. வள்ளம் கல்லில் மோதாமல் பிடித்துக்கொண்டு, மேலே வருபவர்களிடமிருந்து பையை வாங்கி உள்ளே கொட்டுவது அவள் வேலை.

பழக்கதோஷம், தோளைக் குறுக்கியே நின்றாள். முதல் அலை மூக்கில் ஏறியது.

அத்தை மேலே வந்தாள். வள்ளத்தின் விளிம்பு கைக்கு எட்டவில்லை. முனீஸ்வரியின் தோளைப் பற்றினாள்; கை வழுக்கியது, இன்னொரு வாய் உப்புத் தண்ணீர் குடித்தாள்.

"தோளைக் குறுக்கிக்கொண்டால் எதையடி பிடிப்பது? நிமிர்ந்து நில்!"

நிமிர்ந்தாள். அத்தை பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு பக்கத்து வீட்டுச் சித்தி. பிறகு ஒரு பாட்டி, மூச்சு வாங்கியபடியே மருமகளைப் பற்றி ஒரு குறையும் சொல்லி முடித்தாள். மதியம்வரை துணி சுற்றிய கைகள் அந்தத் தோளில் மாறி மாறி விழுந்துகொண்டிருந்தன. கரையேறியபோது தோள் சிவந்து எரிந்தது. அத்தை அரைப் பங்குக் கூலி கொடுத்தாள். முழுப் பங்கு கேட்டு வாங்கிக்கொண்டாள் முனீஸ்வரி.

அடுத்த மாதம் வகுப்புப் புகைப்படம். வழக்கம்போலக் கடைசி வரிசை.

"நடுவில் நிற்கிற பாப்பா, தலை வெட்டுப்படுகிறது. கொஞ்சம் குனிந்துகொள்" என்றார் புகைப்படக்காரர்.

முழங்கால் தானாக மடங்கத் தொடங்கியது. நிறுத்திக்கொண்டாள்.

"நீங்கள் கொஞ்சம் பின்னால் போங்கள் அண்ணா."

வகுப்பே சிரித்தது. டீச்சரும்தான். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே ஓரடி, இன்னும் ஓரடி என்று பின்வாங்கி, மைதான ஓரத்துச் சீமைக் கருவேல முள்ளில் சட்டை மாட்டிக்கொண்ட பிறகுதான் நின்றார்.

"இப்போது சரியாக இருக்கிறது" என்று அங்கிருந்தே கத்தினார்.