ஒன்பதாம் வகுப்பு தமிழ் வாய்மொழித் தேர்வு: தேர்வாளர்களுக்கான மதிப்பெண் அளவுகோல்

மொத்தம் 20 மதிப்பெண். சரளம் 6, பிழையின்மை 6, உரையாடும் திறன் 8. இரண்டு மாணவர்கள் சேர்ந்து வருவார்கள். ஒவ்வொருவரும் முதலில் இரண்டு நிமிடம் தனியாகப் பேச வேண்டும். அப்புறம் இருவரும் ஐந்து நிமிடம் தங்களுக்குள் பேசுவார்கள். தலைப்புச் சீட்டுகள்: ஊர் நோம்பி, ஈரோட்டு மஞ்சள், பவானி ஜமக்காளம், நொய்யல் ஆறு, பனியன் கம்பெனிக்குப் போகும் வீடு. சீட்டு எடுத்ததும் யோசிக்க மூன்று நிமிடம் கொடுங்கள்.

சரளம் (6)

5–6: பேச்சு தடையில்லாமல் நகர்கிறது. யோசிக்க நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறார்.
3–4: அடிக்கடி நிற்கிறார், சொன்னதையே திரும்பச் சொல்கிறார், ஆனால் சொல்ல வந்ததை முடிக்கிறார்.
1–2: ஒற்றைச் சொற்கள், பாதி வாக்கியங்கள். நாம் தூண்டினால்தான் பேசுகிறார்.

வேகம் சரளமாகாது. மனப்பாடக் கட்டுரையை மூச்சுவிடாமல் ஒப்பிக்கும் பிள்ளைக்கு 6 போட்டுவிட வேண்டாம். நடுவில் ஒரு கேள்வி கேளுங்கள்: "அந்த மஞ்சளை வேக வைக்கிறதை நீ பார்த்திருக்கிறாயா?" பதில் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தால் அது சொந்தப் பேச்சு. திகைத்து மறுபடி முதல் வரிக்கே போனால் 3-க்கு மேல் வேண்டாம். "வந்து...", "அதானுங்க..." என்று இழுப்பதற்குக் குறைக்காதீர்கள். நாம் எல்லோரும் அப்படித்தான் பேசுகிறோம்.

பிழையின்மை (6)

5–6: ஓரிரு சறுக்கல்கள், பெரும்பாலும் தானே திருத்திக்கொள்கிறார்.
3–4: பிழைகள் உண்டு, பொருள் கெடவில்லை.
1–2: என்ன சொல்கிறார் என்று நாமே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இந்தப் பகுதியில்தான் நம் கை அதிகம் சறுக்குகிறது. கொங்குத் தமிழ் பிழையில்லை. "ஒறம்பரை வந்திருந்தாங்க", "சீமாத்துல கூட்டினேன்", "சரிங் சார்" என்பவற்றுக்கு அரை மதிப்பெண்கூடக் குறைக்கக் கூடாது. தனிப்பேச்சில் பொதுத்தமிழை எதிர்பார்க்கிறோம். அங்கும் நோம்பி, ஒறம்பரை போன்ற பெயர்ச்சொற்கள் தாராளமாக வரலாம். இருவர் பேச்சில் வீட்டுத் தமிழே போதும்.

பிழை என்று எதைக் கொள்வது? "நாங்கள் போனேன்" என்று எழுவாயும் வினையும் ஒட்டாமல் போவது. "நாளைக்குத் தேர் இழுத்தார்கள்" என்று காலம் மாறுவது. "மலை பெய்தது" என்று ஒலி மாறிப் பொருளே மாறிவிடுவது. ழகரம் ளகரமாக ஒலித்தும் பொருள் விளங்கினால், முதல் முறை குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கழிக்காதீர்கள். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ இந்தியோ பேசும் பிள்ளைகளுக்கும் இதே அளவுகோல்தான். உச்சரிப்பின் சாயலுக்குக் கழிவு கிடையாது.

தகவல் பிழையை இங்கே சேர்க்காதீர்கள். 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையை ஒருவர் 1965 என்று சொன்னால், தேர்வு முடிந்ததும் திருத்துங்கள். இங்கே அளப்பது மொழியை.

உரையாடும் திறன் (8)

7–8: எதிராளி சொன்னதைப் பிடித்துக்கொண்டு பேசுகிறார், கேட்கிறார், மறுக்கிறார்.
5–6: முறை வரும்போது பேசுகிறார், கேட்டதற்குப் பொருத்தமாகப் பதில் சொல்கிறார்.
3–4: தன் பேச்சை மட்டும் முடிக்கிறார்.
1–2: ஆமாம், இல்லை என்பதோடு சரி.

அதிக மதிப்பெண் இதற்குத்தான். கேட்கத் தெரிந்தால்தான் பேச்சு. ஒரு மாதிரி:

முதல் மாணவர்: "எங்க ஊர்ல கம்பம் நட்டுட்டாங்க. ராத்திரியானா ஆட்டம்தான்."
இரண்டாம் மாணவர்: "நீயும் ஆடுவியா?"
முதல் மாணவர்: "கால்ல அடி. எங்க மாமன்தான் ஆடினாரு."
இரண்டாம் மாணவர்: "அடி பட்டதாலதான் ஒரு வாரம் பள்ளிக்கூடம் வரலையா?"

இரண்டாமவர் பேசியது இரண்டே வரி. ஆனால் இரண்டும் எதிராளியின் சொல்லிலிருந்து பிறந்தவை. இதே போக்கில் போனால் 7 கொடுக்கலாம். அதற்குப் பதிலாக "எங்க ஊர்ல தேர் ஓடும்" என்று தன் கதைக்குத் தாவியிருந்தால் 4. கூச்சப்படும் துணையைப் பேச வைக்கும் பிள்ளைக்கு 8 கொடுக்கத் தயங்க வேண்டாம். துணை வாயே திறக்காவிட்டால், அந்த நிமிடங்களில் மற்றவரை ஆசிரியரோடு பேசவைத்து மதிப்பிடுங்கள். ஒருவரின் அமைதி மற்றவரின் மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

மதிப்பெண் இடும்போது

இரு தேர்வாளர்களும் தனித்தனியே எழுதுங்கள். மூன்றுக்கு மேல் வித்தியாசம் வந்தால் பதிவை மறுபடி கேட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். சராசரி எடுத்துக் கடந்துவிடாதீர்கள். பேசும்போது குறுக்கே திருத்துவது வேண்டாம். ஒவ்வொரு பிள்ளைக்கும் எண்ணோடு சேர்த்து ஒரு வரி எழுதிக் கொடுங்கள்: "உன் துணை சொன்னதைக் கேட்டு நீ கேட்ட கேள்வி நன்றாக இருந்தது, அடுத்த முறை வாக்கியத்தை முடித்துவிட்டு நிறுத்து" என்பது போல.