ல, ள, ழ: நாக்கு எங்கே நிற்கிறது?

வணக்கம். 'வால்' என்று சொல்லி, அப்படியே நிறுத்துங்கள். நாக்கின் நுனி மேல்பல்லுக்குப் பின்னால் தொட்டு நிற்கிறதா? அதுதான் ல.

இனி நுனியைப் பின்னால் வளைத்து அண்ணத்தில் ஒட்டுங்கள்: 'வாள்'. இரண்டையும் மாற்றிச் சொன்னால் குரங்குக்கு வாள் முளைத்துவிடும், வீரன் வாலைச் சுழற்றுவான்!

ழ கொஞ்சம் அடம்பிடிக்கும். ள போலவே வளையுங்கள். ஆனால் அண்ணத்தைத் தொடாதீர்கள். இடைவெளியில் மூச்சு வழுக்கி வரட்டும்: 'வாழ்'. நீட்டுங்கள்: வாழ்ழ்ழ். நாக்கு எங்காவது இடித்தால் அது ள. பலரும் ழகரத்துக்கு நாக்கை அழுத்துகிறார்கள், தளர்த்துங்கள்.

என்னோடு சொல்லுங்கள்.
புலி, புளி.
மூலை, மூளை.
அலை, அழை.
கிளி, கிழி.

மூன்றும் சேர்த்து, மெதுவாக: விலை, விளை, விழை.

இப்போது நீங்கள் மட்டும். நான் கேட்கிறேன்.