இன்று பாடசாலை இல்லை: ஜனவரி 20, செவ்வாய்க்கிழமை

அனுப்பும் நேரம்: அதிகாலை 4.50

அன்பான பெற்றோருக்கு,

கடும் மழையால் நமது பாடசாலை இன்று செவ்வாய்க்கிழமை முழு நாளும் மூடப்பட்டிருக்கும். தரம் 1 முதல் 13 வரை எந்த வகுப்பும் நடக்காது. பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.

பதினோராம் தரத்துக்கும் இதே அறிவித்தல்தான். சாதாரண தர விசேட வகுப்பு, பின்னேர வகுப்பு இரண்டும் இன்று இல்லை. வலயக் கல்விப் பணிப்பாளருக்கு அறிவித்து, அனுமதி பெற்ற பிறகே இதை அனுப்புகிறேன்.

ஆரம்பப் பிரிவுக் கட்டடத்தின் இரண்டாவது படி வரை தண்ணீர் நிற்பதாகக் காவலாளி 4 மணிக்குப் படம் அனுப்பினார். அதைவிடப் பயமாக இருப்பது வாசல்தான். கான் எது, வீதி எது என்று தெரியாமல் செந்தண்ணீர் ஓடுகிறது. கானின் சீமெந்து மூடி ஒன்று கிளம்பிப் போய்விட்டது. பெரியவர் கால் வைத்தாலே உள்ளே போய்விடும், இரண்டாம் தரப் பிள்ளையின் நிலையைச் சொல்லத் தேவையில்லை. நிலாவெளி, சாம்பல்தீவுப் பக்கமிருந்து வரும் வான் சாரதிகளும் வீதிக்கு மேலால் தண்ணீர் போவதாகச் சொல்லிவிட்டார்கள். இன்று அவர்கள் ஓட மாட்டார்கள்.

மழை விட்டு விட்டுத்தான் பெய்யும். 7 மணிக்கு வெயில் எறித்தாலும் முடிவு மாறாது. ‘கொண்டுபோய் விட்டுப் பார்ப்போம்’ என்று யாரும் ஓட்டோ பிடிக்க வேண்டாம்.

செய்தி கிடைக்காமல் பிள்ளை ஏற்கனவே புறப்பட்டுவிட்டால் பதற வேண்டாம். பிரதி அதிபரும் இரண்டு ஆசிரியர்களும் காலை 6.30 முதல் பாடசாலையில் இருப்பார்கள். வரும் பிள்ளையை மேல்மாடி மண்டபத்தில் இருத்தி வைத்து, உங்களுக்கு அழைப்பு எடுப்பார்கள். நீங்கள் அல்லது நீங்கள் சொல்லும் ஆள் நேரில் வரும்வரை பிள்ளையைத் தனியே வெளியே விட மாட்டோம். பின்பக்க ஒழுங்கையால் வராதீர்கள், அங்கே மதில் சாய்ந்து நிற்கிறது. பாடசாலையின் தொலைபேசி இலக்கம் தேர்ச்சி அறிக்கையின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இது நமது பாடசாலைக்கு மட்டுமான அறிவித்தல். மூத்த பிள்ளை வேறு பாடசாலையில் படித்தால் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள். போன வருட மழைக்கால அறிவித்தல்கள் இன்னும் கையில் கையில் சுற்றிக்கொண்டிருக்கின்றன, எனவே எதைப் படித்தாலும் திகதியைப் பாருங்கள்.

பாடசாலை இல்லை என்றதும் பெரிய பையன்கள் அலை பார்க்கக் கடற்கரைக்குக் கிளம்புவார்கள். தயவுசெய்து மறித்து வையுங்கள். கடல் கொந்தளிப்பாக இருக்கிறது, நிரம்பிய கிணறும் குளமும் அதே அளவு ஆபத்து. அறுந்து கிடக்கும் மின்கம்பியை யாரும் தொடக்கூடாது. மின்சார சபைக்கு 1987 இல் அறிவியுங்கள். வீட்டுக்குள் தண்ணீர் ஏறினால் கிராம உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள், அல்லது அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 க்கு எடுங்கள். அம்புலன்ஸ் 1990. கிணற்றில் வெள்ளம் கலந்திருந்தால் அந்தத் தண்ணீரைக் குடிக்கக் கொடுக்காதீர்கள். வேறு வழியே இல்லையென்றால் நன்றாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுக் கொடுங்கள்.

நாளை புதன்கிழமை பாடசாலை உண்டா இல்லையா என்பதை இன்று மாலை 5 மணிக்கு இதே குழுவில் நானே அறிவிப்பேன். அதற்கு முன் ‘நாளையும் லீவாம்’ என்று எது வந்தாலும் நம்ப வேண்டாம்.

குழுவில் இல்லாத பெற்றோருக்கு வகுப்பாசிரியர்கள் இப்போது அழைப்பு எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டில் நம் பிள்ளை யாராவது இருந்தால் ஒரு தடவை கதவைத் தட்டிச் சொல்லிவிடுங்கள். இதற்குக் கீழே ‘சரி’, ‘நன்றி சேர்’ என்று போடாமல் இருந்தால் பெரிய உதவி. நூறு பேர் போட்டால் பிந்தி எழும்புகிறவர்களுக்கு அறிவித்தல் கண்ணில் படாது.

இன்னொன்று. புத்தகம், சீருடை, சப்பாத்து நனைந்துபோயிருந்தால் வகுப்பாசிரியரிடம் சொன்னால் போதும். பாடசாலை திறக்கும் நாளில் இருக்கிற உடுப்போடு பிள்ளையை அனுப்புங்கள், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அதிபர்
திருகோணமலை