14ஆவது வார்டு சிறுவர்களுக்குச் சமதளமான, வேலியிட்ட விளையாட்டுத் திடல் வேண்டி விண்ணப்பம்

அனுப்புநர்:
கால்பந்துப் பயிற்சியாளர்,
சிறுவர் மாலைநேரப் பயிற்சிக் குழு,
14ஆவது வார்டு.

பெறுநர்:
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்.

பொருள்: தண்ணீர்த் தொட்டிக்குப் பின்புறமுள்ள நகராட்சி இடத்தைச் சமன்செய்து வேலி போட்டுத் தருவது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். மேற்படி காலி இடத்தில் தினமும் மாலையில் 6 முதல் 14 வயது வரையுள்ள ஏறக்குறைய நாற்பது பிள்ளைகள் விளையாடுகிறார்கள். எங்கள் வார்டில் அவர்களுக்கு வேறு இடம் இல்லை.

அந்த இடத்தின் ஒரு பக்கம் மேடு, மறுபக்கம் பள்ளம். நடுவில் கட்டட இடிபாட்டுக் கற்கள் பாதி புதைந்து கிடக்கின்றன. ஓடுகிற பிள்ளையின் கண் பந்தின் மேல்தான் இருக்கும், காலடியைப் பார்க்காது. பள்ளத்தில் கால் பட்டதும் பாதம் உள்பக்கமாக மடங்கிக் கணுக்கால் சுளுக்கிக்கொள்கிறது. பெரியவர்களுக்கு என்றால் பெரும்பாலும் தசைநாரோடு போய்விடும். வளரும் பிள்ளைகளுக்கு எலும்பு நுனியிலுள்ள வளர்ச்சித் தட்டு மென்மையானது, அதில் அடிபட்டால் அந்த எலும்பின் வளர்ச்சியே பாதிக்கப்படலாம். போன மாதம் ஒரு சிறுமி கால் வீங்கிப் போய், பயிற்சிக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். நன்றாக ஆடுகிற பிள்ளை.

அதைவிட எனக்குப் பயம் கிழக்குப் பக்கத்துச் சாலைதான். பந்து வெளியே உருண்டால் சின்னப் பிள்ளைகள் யோசிக்காமல் பின்னாலேயே ஓடிவிடுகிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு அந்த ஓரத்திலேயே காவல் நிற்க வேண்டியிருக்கிறது.

கேலரி, அலங்கார வளைவு, மின்விளக்குக் கோபுரம் எதுவும் நாங்கள் கேட்கவில்லை. கற்களைப் பொறுக்கி, மண் நிரப்பி, தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டித் தரையை இறுக்கித் தந்தால் போதும். மழைநீர் தேங்காமல் வடிய, மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் அளவு சரிவு மட்டும் இருக்கட்டும். வேலிக்குக் கம்பி வலை நல்லது. வெளியே நிற்கும் பெற்றோருக்கும் உள்ளே நடப்பது தெரியும். வலையின் மேல்முனைக் கம்பிகளை மடக்கிவிடச் சொல்லுங்கள், பிள்ளைகள் எப்படியும் அதில் ஏறுவார்கள். முள்கம்பி வேண்டவே வேண்டாம். நுழைவாயில் சாலைப் பக்கம் இல்லாமல் மேற்கே தெருப் பக்கம் அமைய வேண்டும்.

இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நிதி இல்லையென்றால், முதலில் சாலைப் பக்க வேலியைப் போட்டுவிடுங்கள். அப்புறம் தரையைச் சமன்செய்யலாம். 5 முதல் 17 வயது வரையுள்ளவர்கள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது உடலுக்கு நல்ல வேலை கொடுக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எங்கள் பிள்ளைகள் அதற்குத் தயாராகத்தான் இருக்கிறார்கள், இடம்தான் சரியில்லை.

நகராட்சிப் பொறியாளரை ஒருநாள் மாலை 5 மணிக்கு, பிள்ளைகள் விளையாடும்போதே, இடத்தைப் பார்வையிட அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன். அளவு எடுக்க நானும் பெற்றோர்களும் உடன் இருப்போம். திடல் அமைந்தபின் வாரந்தோறும் சுத்தம் செய்து பராமரிக்கும் பொறுப்பை ஏற்பதாகப் பெற்றோர்கள் கையெழுத்திட்ட கடிதத்தையும், இடத்தின் புகைப்படங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கால்பந்துப் பயிற்சியாளர்