அட்வான்ஸில் பிடித்த தொகை பற்றி வீட்டு உரிமையாளருக்கு ஆட்சேபக் கடிதம்

12 மே 2025
பதிவுத் தபால், ஒப்புகை அட்டையுடன்

பெறுநர்: வீட்டு உரிமையாளர் அவர்கள்
அனுப்புநர்: முதல் மாடி வீட்டில் 1 ஜூலை 2022 முதல் 31 மார்ச் 2025 வரை குடியிருந்த வாடகைதாரர்

பொருள்: அட்வான்ஸ் தொகை ரூ. 70,000-இல் ரூ. 48,900 பிடித்ததை ஆட்சேபித்தும், மீதி ரூ. 45,580-ஐத் திருப்பித் தரக் கோரியும்.

மதிப்புக்குரிய ஐயா,

வணக்கம். ஏப்ரல் 28-ஆம் தேதி நீங்கள் அனுப்பிய கணக்குச் சீட்டும், அன்றே வங்கியில் போட்ட ரூ. 21,100-உம் வந்து சேர்ந்தன. சீட்டோடு நீங்கள் இணைத்திருந்த பில்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒத்துக்கொள்ள வேண்டியதை ஒத்துக்கொண்டு, மற்றதை ஏன் ஏற்க முடியாது என்பதை ஆதாரத்தோடு சொல்லவே இந்தக் கடிதம்.

முதலில் வாடகை பாக்கி. ஆகஸ்ட் 2024 வாடகை வரவில்லை என்று ரூ. 15,400 பிடித்திருக்கிறீர்கள். சீட்டில் மற்ற எதையும்விட என்னை வருத்தியது இந்த ஒரு வரிதான். சுவருக்கு எவ்வளவு, குழாய்க்கு எவ்வளவு என்பதில் இரண்டு பேருக்கு இரண்டு கருத்து இருக்கலாம். வாடகை கொடுக்காமல் போனேன் என்பது அப்படியல்ல. வேறு வீடு பார்க்கும்போது பழைய உரிமையாளரிடம் விசாரிப்பார்கள். அங்கே இந்தப் பேச்சு நிற்கக்கூடாது.

நீங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த வாடகை ரசீது ஒவ்வொன்றும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. முதல் ஒப்பந்தப்படி 11 மாதம் ரூ. 14,000 வீதம் 1,54,000. அடுத்த 11 மாதம் ரூ. 14,700 வீதம் 1,61,700; கடைசி 11 மாதம் ரூ. 15,400 வீதம் 1,69,400. ஆக 33 ரசீதுகளுக்கும் சேர்த்து ரூ. 4,85,100. ஜூலை 2022-க்கான 1-ஆம் எண் தொடங்கி மார்ச் 2025-க்கான 33-ஆம் எண் வரை நடுவில் ஓர் எண்கூட விடுபடவில்லை.

குழப்பம் எங்கே வந்திருக்கும் என்றும் எனக்குப் புரிகிறது. என் வங்கிக் கணக்கிலிருந்து உங்களுக்கு வந்த தொகையைக் கூட்டினால் ரூ. 4,82,600 தான் வரும். ரூ. 2,500 குறைகிறது. அந்த 2,500 ஆகஸ்ட் மாதத்து விஷயம். ஜூலை கடைசியில் தண்ணீர் மோட்டார் ஓடாமல் நின்றபோது நீங்கள் வெளியூரில் இருந்தீர்கள். மெக்கானிக்குக் கொடுத்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளுங்கள் என்று போனில் சொன்னீர்கள். அதன்படி ஆகஸ்ட் வாடகையாக ரூ. 12,900 மட்டும் அனுப்பினேன். பாஸ்புக்கில் 15,400 என்ற தொகையைத் தேடியிருந்தால் அந்த மாதம் கிடைத்திருக்காது. ஆனால் 26-ஆம் எண் ரசீதைப் பாருங்கள். உங்கள் கையெழுத்திலேயே இப்படி இருக்கிறது: "ஆகஸ்ட் வாடகை ரூ. 15,400. வங்கி வழி 12,900. மோட்டார் ரிப்பேர் 2,500 கழிவு. முழுதும் பெற்றுக்கொண்டேன்." அதற்குப் பிறகு ஏழு மாதம் ரசீது கொடுத்திருக்கிறீர்கள். ஒன்றில்கூட பழைய பாக்கி என்று குறிப்பில்லை. ஆகையால் இந்த 15,400-ஐ முழுவதுமாகத் திருப்பித் தர வேண்டும். பாக்கி எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதியும் கொடுங்கள்.

அடுத்து பெயின்ட். ரூ. 18,500-க்கு ஏப்ரல் 17 தேதியிட்ட பில். மொத்தத் தொகையை மட்டும் பார்த்தால் வீட்டுக்குள் அடித்ததற்கு என்றுதான் தோன்றும். உள்ளே பிரித்து எழுதியிருப்பது வேறு. வீட்டின் உட்சுவர் 800 சதுர அடி, அடிக்கு 14 வீதம் ரூ. 11,200. மாடிப்படிச் சுவர் ரூ. 3,800. கேட்டுக்கும் முன்பக்கக் கிரில்லுக்கும் ரூ. 2,100. மேல்தளத்தில் மழைநீர் கசிந்த இடத்தைச் சுரண்டிப் பட்டி பார்த்தது ரூ. 1,400.

மாடிப்படியும் கேட்டும் எல்லோருக்கும் பொது. கீழ்வீட்டாரும் அதே படியில்தான் ஏறி மொட்டை மாடிக்குப் போகிறார்கள். அது என் அட்வான்ஸில் ஏன் வர வேண்டும்? மேல்தளக் கசிவு கட்டடத்தின் குறை. அந்த ஈரம் பரவியபோது பாதிக்கப்பட்டது நாங்கள். இந்த மூன்றும் சேர்த்து ரூ. 7,300.

மீதியுள்ள உட்சுவர் கணக்குக்கு வருகிறேன். நமது ஒப்பந்தத்தின் 9-ஆவது பிரிவு, வழக்கமான தேய்மானம் நீங்கலாக வீட்டை வாங்கிய நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும் என்று சொல்கிறது. இரண்டே முக்கால் வருடம் ஆள் புழங்கிய வீட்டில் சுவரின் நிறம் மங்கும், சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கை பட்ட அழுக்கு தெரியும், கட்டில் ஒட்டி நின்ற இடத்தில் கோடு விழும். வழக்கமான தேய்மானம் என்பது இதைத்தான். அதற்கும் சேர்த்துத்தான் மாதாமாதம் வாடகை வாங்குகிறோம், கொடுக்கிறோம். அடுத்து வருபவருக்காக வீட்டைப் புதிதாக்குவது உரிமையாளரின் செலவு.

ஒரு சுவர் மட்டும் இதில் சேராது. படுக்கையறையில் புத்தக அலமாரி மாட்டிய சுவரில் திருகு போட்ட ஓட்டைகளை அடைத்துக் கொடுத்தேன் என்றாலும், அடைத்த இடம் தனி நிறமாகத் தெரிகிறது. அது தேய்மானம் இல்லை. அந்தச் சுவர் 10 அடிக்கு 9 அடி, 90 சதுர அடி. உங்கள் பில்லில் உள்ள அதே 14 ரூபாய் வீதம் ரூ. 1,260. அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கணக்கில் மீதி ரூ. 17,240-ஐ ஏற்க முடியாது.

குழாய் வேலை ரூ. 6,240. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நாங்கள் பார்க்காமல் விட்டதால் கசிவு பெரிதானது என்று சீட்டில் எழுதியிருக்கிறீர்கள். ஜனவரியில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஓர் ஈரத்திட்டு வந்தது. குழாயை மூடி வைத்தாலும் காயவில்லை. பக்கத்து டைல்ஸை விரலால் தட்டினால் உள்ளே ஒன்றுமில்லாதது போலச் சத்தம் கேட்டது. தண்ணீர் வெளிக்குழாயிலிருந்து வரவில்லை, சுவருக்குள் பதித்த குழாயிலிருந்து வருகிறது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஜனவரி 11-ஆம் தேதி இரண்டு படங்களோடு உங்களுக்கு வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்பினேன். "பொங்கல் முடியட்டும், ஆள் அனுப்புகிறேன்" என்று பதில் போட்டீர்கள். பிப்ரவரி 3-ஆம் தேதி மறுபடி நினைவுபடுத்தினேன். நாங்கள் காலி செய்யும்வரை யாரும் வரவில்லை. அந்தச் செய்திகளின் நகல் இத்துடன் இருக்கிறது.

சுவருக்குள் இருக்கும் குழாயை வாடகைதாரர் உடைத்துப் பார்க்க முடியாது. உங்கள் அனுமதி இல்லாமல் உடைக்கவும் கூடாது. சொல்வதுதான் எங்கள் பொறுப்பு, சொன்னோம். பில்லில் பதித்த குழாயை மாற்றியதற்குக் கூலியோடு ரூ. 4,350, டைல்ஸ் திரும்பப் பதித்தது ரூ. 1,250, புதுக் குழாய்த் திருகு ஒன்று ரூ. 640. முதல் இரண்டும் கட்டடப் பராமரிப்பு. மூன்றாவதைப் பொறுத்தவரை, அந்தத் தொட்டியின் குழாய்த் திருகை அக்டோபர் 2024-இல்தான் என் செலவில் ரூ. 580-க்குப் புதிதாக மாற்றினேன். கடை பில் என்னிடம் இருக்கிறது. சாவி கொடுத்த நாளில் அது சொட்டாமல் நன்றாகவே வேலை செய்தது. எனவே 6,240-இல் எதையும் என் கணக்கில் சேர்க்க முடியாது.

குளியலறைக் கதவுக்கு ரூ. 4,200. நாம் குடிவரும்போது சேர்ந்து எழுதிய சாமான் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அதில் 14-ஆவது வரி: "குளியலறைக் கதவின் அடிப்பாகம் ஊறி உப்பியிருக்கிறது." கீழே உங்கள் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன. அப்புறம், நீங்கள் இணைத்திருக்கும் தாள் பில்லே அல்ல, தச்சர் எழுதிக் கொடுத்த மதிப்பீடு. அதில் தேதி இல்லை, பணம் பெற்றதாகக் கையெழுத்தும் இல்லை. ஆகாத செலவுக்கு, அதுவும் நாங்கள் வரும் முன்பே கெட்டிருந்த கதவுக்கு, அட்வான்ஸில் பிடிப்பது எப்படிச் சரியாகும்?

சுத்தம் செய்தது என்று ரூ. 2,500 எழுதியிருக்கிறீர்கள். இதற்குப் பில்லே இல்லை. மார்ச் 31 மாலை உங்கள் தம்பி வந்து அறை அறையாகப் பார்த்துவிட்டுத்தான் சாவி வாங்கினார். அன்று எடுத்த படங்களை இணைத்திருக்கிறேன்.

கடைசி மின் கட்டணம் ரூ. 1,360 நான் கட்ட வேண்டியதுதான்; மார்ச் 31 மீட்டர் அளவோடு ஒத்துப்போகிறது. ஹால் ஜன்னல் கண்ணாடி உடைந்தது எங்கள் வீட்டில்தான், ரூ. 700 நியாயமான தொகை. இரண்டையும் ஏற்கிறேன்.

ஆக, கணக்கு இப்படி வருகிறது:

அட்வான்ஸ்: ரூ. 70,000
நான் ஏற்கும் கழிவு (மின் கட்டணம் 1,360 + கண்ணாடி 700 + ஒரு சுவர் பெயின்ட் 1,260): ரூ. 3,320
திரும்ப வர வேண்டியது: ரூ. 66,680
ஏப்ரல் 28-இல் வந்தது: ரூ. 21,100
இன்னும் வர வேண்டியது: ரூ. 45,580

இந்த ரூ. 45,580-ஐ மே 27-ஆம் தேதிக்குள், முன்பு போட்ட அதே வங்கிக் கணக்கில் செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன். என் கணக்கில் ஏதாவது வரி தவறு என்று நினைத்தால், அந்த வரியையும் அதற்கான ரசீதையோ பில்லையோ எழுத்தில் அனுப்புங்கள். பார்த்து அதே வாரத்தில் பதில் தருகிறேன். அசல் ரசீதுகளை நேரில் பார்க்க வேண்டுமென்றாலும் சரி, சொல்லும் நாளில் கொண்டு வருகிறேன். ஆனால் அவற்றை உங்களிடம் விட்டுச் செல்ல இயலாது.

குறித்த தேதிக்குள் பணமோ எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால், இதே ஆவணங்களோடு வாடகைத் தகராறுகளை விசாரிக்கும் அதிகாரியிடம் மனு கொடுப்பேன். என் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தபோது உங்கள் வீட்டம்மா தினமும் சாப்பாடு கொடுத்தனுப்பியதை நாங்கள் மறக்கவில்லை. அந்த உறவு அதிகாரி முன்னால் போய் நிற்க வேண்டாம் என்பதால்தான் முதலில் உங்களுக்கே எழுதுகிறேன்.

இப்படிக்கு,
முதல் மாடியில் குடியிருந்த வாடகைதாரர்

இணைப்புகள் (எல்லாம் நகல்): வாடகை ரசீதுகள் 1 முதல் 33 வரை, வாடகை சென்றதைக் காட்டும் வங்கிக் கணக்கு அறிக்கை, மோட்டார் மெக்கானிக் பில் ரூ. 2,500, வாடகை ஒப்பந்தமும் சாமான் பட்டியலும், ஜனவரி 11, பிப்ரவரி 3 வாட்ஸ்அப் செய்திகள், குழாய்த் திருகு பில் ரூ. 580, மார்ச் 31 அன்று எடுத்த படங்கள், நீங்கள் அனுப்பிய கணக்குச் சீட்டும் பில்களும்.